கையெழுத்துக்காக நெய்யாற்றின்கரைக்கு

பாறசாலையில் ஒரு எண்ணெய் ஆலைக்கும், அதன் பங்குகள் முழுவதையும் வைத்திருந்த தாய்க் கம்பெனிக்கும் பிரேமகுமாரிதான் கணக்காளர். தாய்க் கம்பெனி அண்ணன் ராஜையாவுக்கும் தம்பி சஜுவுக்கும் பாதிப்பாதி. நிலத்தகராறில் இருவரும் பேசுவதில்லை.

2023 மார்ச்சில் ஆலை, வரி கட்டிய லாபத்திலிருந்து ஒரு கோடி ரூபாயைத் தாய்க் கம்பெனிக்கு டிவிடெண்டாகக் கொடுத்தது. செப்டம்பர் முப்பதுக்குள் அதைச் சகோதரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தாய்க் கம்பெனிக்கு அதன்மேல் வரி இல்லை. வாங்குகிற இருவர் மட்டும் கட்டினால் போதும். தவறினால் கம்பெனியும் கட்ட வேண்டும், பின்னால் பிரித்து வாங்கும்போது அவர்களும் கட்ட வேண்டும். இதைச் சொல்லி பிரேமகுமாரி இருவருக்கும் மூன்று கடிதம் எழுதினாள்.

செப்டம்பரில் ராஜையா பக்கவாதத்தில் விழுந்தார். பணத்தைப் பிரிக்க முடிவெடுக்கும் இயக்குநர் கூட்டத்தில், காரக்கோணம் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே வீடியோவில் கலந்துகொள்ளச் சம்மதித்தார். இன்னொரு இயக்குநரான சஜுவும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி அவள் நெய்யாற்றின்கரையில் அவர் வீட்டுக்குப் போனாள்.

"ஸாரே, நாளையோட தீந்துபோகும். உங்க பங்குக்கும் நஷ்டமாக்கும்."

"போனாப் போட்டு. அவனுக்குக் கிட்டப்பிடாது, அவ்வளவுதான்," என்றார் சஜு.

கூட்டம் நடக்கவில்லை. இருபத்தைந்து லட்சம் வரியாகப் போனது. நவம்பரில் ராஜையா இறந்தார். கணக்குக்காரி நேரத்துக்குச் சொல்லவில்லை என்று சஜு ஊரெல்லாம் சொன்னார்.

பிரேமகுமாரி வேலையை விட்டாள். கடித நகல்களோடு ராஜையாவின் மனைவி சத்தியபாயைப் பார்க்கப் போனாள். சத்தியபாய் மூன்றையும் நிதானமாகப் படித்தார்.

"நீ சொன்னது எனக்குத் தெரியும் மக்கா," என்றார். "அவரும் ஒருதடவை தம்பியக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல்ல."