அவர் வைத்த டாலரன்ஸ்

பனியன் தைக்கிற ஊரில் கல்யாணம் செய்துகொண்டால் டாலரன்ஸோடும் சேர்ந்துதான் குடித்தனம் நடத்த வேண்டும். சரக்கு வாங்கும் பையர் கொடுக்கும் அளவுச் சீட்டில் நெஞ்சளவு இத்தனை, உயரம் இத்தனை என்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம் என்றும் இருக்கும்; அதுதான் டாலரன்ஸ். தவறிப் போனால் மன்னிப்பதற்காகத்தான் பையர் அதைக் கொடுக்கிறார். எங்கள் ஊர் அதை அப்படிப் படிப்பதில்லை. குறையலாம் என்றால் குறைத்தே வெட்டு, துணி மிச்சம். மண்ணரைப் பகுதியில் எங்கள் சின்ன யூனிட்டில் என் வீட்டுக்காரர் வெட்டு பார்க்கிறார், நான் தரம் பார்க்கிறேன். நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத்தான்.

புதுக் கார் வாங்கினோம். முன் கண்ணாடியில் ஒரு கேமரா இருக்கிறது. சாலையோர வேகப் பலகையைப் படித்து, அந்த எண்ணைச் சிவப்பு வட்டத்துக்குள் டாஷ்போர்டில் காட்டும். அதைத் தாண்டினால் டிங் டிங் என்று மணி அடிக்கும். முதல் வாரம் அவருக்கு அந்த மணியோடுதான் மல்லுக்கட்டு. ஒரு லாரியின் பின்னால் போனோம். லாரியின் முதுகில் வட்டத்துக்குள் நாற்பது என்று ஸ்டிக்கர். அது லாரிக்கான வேகம். கேமராவுக்கு அது பலகையாகத் தெரிந்துவிட்டது. எங்களுக்கும் நாற்பதுதான் என்று காட்டி, லாரியை முந்திப்போன பிறகும் அடித்துக்கொண்டே வந்தது.

"மாமியார் தொல்லை இல்லைன்னு இத்தனை வருசம் நிம்மதியா இருந்தேன். இப்பக் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கறேன்" என்றார்.

அடுத்த நாளே மெனுவைக் குடைந்து, எச்சரிக்கையை எத்தனை கிலோமீட்டர் தாண்டிய பிறகு அடிக்கலாம் என்று கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பூஜ்யம், ஐந்து, பத்து. அவர் எதைத் தொட்டிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். லாரி ஸ்டிக்கருக்கு அது மருந்தே இல்லை. நாற்பது ஐம்பதாகுமே தவிர மணி நிற்காது. ஆனால் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"இதுலயும் டாலரன்ஸ் குடுத்திருக்கறான் பாரு புள்ள."

அதற்குப் பிறகு அவர் எந்தச் சாலையிலும் காட்டுகிற வேகத்தில் போனதில்லை. எண்பது என்றால் தொண்ணூறு. முள் தொண்ணூறைத் தொட்டபடியே நிற்கும், மணி அடிக்காது. வெட்டு மேசையில் அளவின் கீழ் ஓரத்தைப் பிடிக்கிற கை, ஸ்டியரிங்கில் மேல் ஓரத்தைப் பிடித்தது. நான் சொல்லிப் பார்த்தேன். வண்டியே சும்மா இருக்கும்போது உனக்கென்ன என்றார்.

வேகத்துக்கான அபராதச் சீட்டு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. இரண்டும் கோவை போகும் நெடுஞ்சாலையில் ஒரே போலீஸ் கேமரா எடுத்த படங்கள். மூன்றாவது சீட்டோடு, ஓட்டுநர் உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று நேரில் வந்து விளக்கம் சொல்லும்படி போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. அவருக்கு முகம் செத்துவிட்டது. துணியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவதும், சாம்பிளைப் பையர் ஆபீஸில் காட்டுவதும் எல்லாம் அவர் ஓட்டும் காரில்தான். ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்கிறவர்களைக் கேலி பேசியே காலம் கழித்தவர். எனக்கும் ஓட்டத் தெரியும் என்பதை அவர் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

சீட்டில் அந்த இடத்து வேகம் அறுபது, இவர் போனது எண்பத்தெட்டு என்றிருந்தது. "எண்பதுன்னுதான் வண்டி காட்டுச்சு, சாமி சத்தியமா" என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் நானே ஓட்டிப் போனேன். அறுபது என்று காட்டியது. திரும்பி வந்து நன்றாகத் திட்டினேன். அவர் அடுத்த நாள் போய் டாஷ்போர்டைப் போட்டோ எடுத்து வந்தார். அதே இடம், எண்பது!

வண்டியோடு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த அட்வைசர் திருநெல்வேலிக்காரர். ரெண்டு பேரும் சொல்வதைக் கேட்டுவிட்டு, "கேமரா பலகையைப் பாத்துச்சுன்னா அதைக் காட்டும். பாக்கலன்னா மேப்புல என்ன இருக்கோ அதைக் காட்டும். அங்கன மேப்பு பழசா இருக்கும். சார் எந்த வழியா போறாவ?" என்று கேட்டார்.

நான் நேராகப் போகிறேன். பலகை கேமராவின் கண்ணில் படுகிறது. இவர் அதற்கு முன்பே சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுவார். அங்கே ஒரு பஜ்ஜிக் கடை. காரை நிறுத்தி டீயும் குடித்துவிட்டு, அடுத்த திறப்பில் நெடுஞ்சாலை ஏறுவார். அறுபது பலகை நெடுஞ்சாலையில் அந்தத் திறப்புக்கு முன்னால் நிற்கிறது. பலகையைக் கேமராவும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. புதிதாகப் பாலம் வேலை ஆரம்பித்து வேகத்தைக் குறைத்தது மேப்புக்குத் தெரியாது. அது பழைய எண்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று சீட்டும் பஜ்ஜி தின்ற நாட்கள்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கோ உயிரே வந்தது. "அப்ப என்மேல தப்பில்லீங்கல்ல?" என்று அட்வைசரிடமே கேட்டார். அவர், "மேப்பை அப்டேட் பண்ணித் தாரேன். ஆனா என்ன காட்டினாலும் ரோட்டுல இருக்கற பலகைதான் சார் கணக்கு" என்றார். இவர் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது.

எங்கள் தொழிலிலும் இப்படி வரும். அளவுச் சீட்டு ஒன்று சொல்லும், பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் வேறொன்று சொல்லும். அப்போது நமக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளக் கூடாது, பையரைக் கேட்க வேண்டும். அதை வழியெல்லாம் சொன்னேன். அவரோ போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்றார்.

விசாரணை நாளன்று வெள்ளை வேட்டி சட்டையில் போனார். நானும் கூடவே போனேன். அதிகாரி ஓர் அம்மா. பொறுமையாகக் கேட்டார். இவர் கேமரா, மேப், பாலம், பஜ்ஜிக் கடை எல்லாவற்றையும் அட்வைசரை விடத் தெளிவாகச் சொல்லி, போட்டோவை மேசையில் வைத்தார். எனக்கே பெருமையாக இருந்தது. அந்த அம்மாவும் தலையாட்டினார்.

"சரிங்க, பலகையை நீங்க பாக்கலை. எண்பதுன்னே வெச்சுக்குவோம். போனது எண்பத்தெட்டுங்களே?"

"முள்ளு தொண்ணூறுலதானுங்க இருந்துச்சு. மீட்டர் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தானுங்க காட்டும்."

அவர் காலை மிதித்தேன். உதவவில்லை.

"சரி, எண்பதுல தொண்ணூறு ஏனுங்க?"

"டாலரன்ஸ் இருக்குதுங்களே. பத்து."

"யாரு குடுத்ததுங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்படுகிறது என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நானேதானுங்க வெச்சுக்கிட்டேன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. அவ்வளவு நேரம் விளக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கு உரிமத்தை நிறுத்தி எழுதினார். போட்டோவையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் அதற்குக் கலர் பிரிண்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெளியே வந்து சாவியை என் கையில் வைத்தார். எனக்கு அத்தனை கோபத்திலும் நெஞ்சு கரைந்துவிட்டது. வண்டியை எடுத்தேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டக்கூடத் தோன்றாமல் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அறுபது காட்டியது, நான் அறுபதில் போனேன். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. அவர் கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம் போல மிக அன்பாகச் சொன்னார்:

"கொஞ்சம் மிதி புள்ள. இன்னும் பத்து இருக்குது."