கறுப்புத் திரையில் என் விண்ணப்பம்

வேலை போன பிறகு எத்தனையோ கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பினேன். ‘வேண்டாம்’ என்றுகூட ஒருத்தரும் எழுதவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது, நான் இருப்பது அவர்களுக்குத் தெரிகிறது என்று நிம்மதியாக இருந்திருக்கும். போகப் போக, நான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கொரட்டூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். செத்தாலும் அது மட்டும் முடியாது என்றிருந்தேன்.

என்னோடு தங்கியிருந்த தோழி வேறொரு கம்பெனியில் விண்ணப்பங்களைப் பார்த்து ஆள் எடுப்பவள். ஒரு ஞாயிறு மத்தியானம், மழை இருட்டில், “உன் மெயிலை எனக்கு அனுப்பு, பாக்குறேன்” என்றாள். லேப்டாப்பில் கட்டம் போட்டு, பெரிய தலைப்பு வைத்து, எழுத்துக்கெல்லாம் அழுத்தமான கறுப்பு கொடுத்து, நான் இழைத்து இழைத்துச் செய்த மெயில் அது.

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி, ஒண்ணுமே இல்ல. வெறும் கறுப்பா கீது.”

“விளையாடாதே!” என்று பிடுங்கிப் பார்த்தேன். திரை முழுக்க இருட்டு. அவள் விரலை வைத்து அழுத்தி இழுத்தாள். விரல் போன இடத்தில் விழுந்த நீலப்பட்டைக்குள் என் பெயர் மேலெழும்பி வந்தது. பிறகு படிப்பு, பிறகு அனுபவம். விரலை எடுத்தாள். எல்லாம் மறுபடி மறைந்தது.

“போன்ல டார்க் மோடு வெச்சிகீறேன், திரை பூரா கறுப்பாயிடும். உன் எழுத்தும் கறுப்பு, பின்னாலயும் கறுப்பு. யார் கண்ணுக்குத் தெரியும்? நாங்க எல்லாம் பஸ்ல வந்துகினே போன்ல தான்டி பாப்போம்.”

கட்டம், வண்ணம், தலைப்பு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். வெறும் எழுத்து. முதல் வரியிலேயே எந்த வேலைக்கு, எத்தனை வருட அனுபவம் என்று. பத்திக்கு இரண்டு வாக்கியம், நடுவே ஒரு வரி இடைவெளி. பயோடேட்டா தனியாக இணைப்பில். அவள் போனுக்கு ஒரு முறை அனுப்பிப் பார்த்தோம். கறுப்பில் வெள்ளையாகப் பளிச்சென்று நின்றது. அப்புறம்தான் கம்பெனிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்! தோழியிடம் சொல்ல ஓடினேன். ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியவள் கட்டிலில் உட்கார்ந்து, போனில், தன் கம்பெனிக்கு வந்து குப்பைக்குப் போயிருந்த மெயில்களைத் திறந்து திறந்து விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இருட்டிலிருந்தும் ஒரு பெயர் எழும்பியது.

“வெத்து மெயிலுன்னு நானே அழிச்சிட்டேன்டி,” என்றாள். “இந்தப் பொண்ணு மூணு வாட்டி எழுதிகீது.”