கறாருக்கு லேபிள் கசந்த கதை

என் தம்பி மனைவிக்குப் பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அவளை வீட்டிலும் வெளியிலும் 'கறார்' என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைச் சாமான் விற்கும் பெரிய கடையில், உடைந்ததையும் பிடிக்காததையும் திருப்பி வாங்கும் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள். எந்தத் தொட்டிலில் எந்த ஆணி முதலில் கழலும், எந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் எப்போது காலை வாரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த அறிவை வைத்துத்தான் வீடியோ போட ஆரம்பித்தாள்.

மேல்மாடியில் அவர்கள், கீழே நான். பொருளின் மேல் மணல் மூட்டையைத் தூக்கிப் போடும் 'தொம்' சத்தம் என் மண்டைக்கு மேல்தான் விழும். வீடியோ தொடங்கும்போதே பில்லைக் கேமரா முன் நீட்டுவாள். "நானே வாங்கினது. நானே உடைக்கப் போறேன்." கம்பெனி இனாமாகக் கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுவாள், காசுக்குப் போட்ட விளம்பரம் என்று காட்டும் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' லேபிளும் போட்டுவிடுவாள். இனாமாக வந்தாலும் அதுவும் கூலிதான் என்பாள். பிள்ளை பெற்றவர்கள் அவள் சொன்னால் வாங்கினார்கள், வேண்டாம் என்றால் விட்டார்கள்.

இப்படியே போயிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. இருந்த வேலையை விட்டுவிட்டு அவளுக்கு மேனேஜர் ஆனான் என் தம்பி. கூடப் பிறந்தவன் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது, அவனுக்குச் சாமர்த்தியம் அதிகம், மூளை கம்மி.

லேபிளைப் பார்த்ததும் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. ஒரு வீடியோவின் ஆயுள் முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுமாம். அதனால் முதல் நாள் லேபிள் இல்லாமல் விடுவது, ஓட வேண்டியது ஓடி முடிந்ததும் திருத்தி லேபிளை ஒட்டுவது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு வாசலில் பலகை மாட்டுவது மாதிரி.

"லேபிள் போடாமலா இருக்கோம்? கொஞ்சம் லேட்டா போடுறோம், அவ்வளவுதான்," என்றான்.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பதிவு போடும்போதே லேபிள் இருக்கணும்னு விதியே இருக்கு. பார்க்குறவங்களுக்குத் தெரியத்தானே அது?" என்று கேட்டாள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தலையாட்டினாள். பாவம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரிந்துதான் ஆட்டினாள்.

பால் புட்டியைச் சூடாக்கும் மெஷின் ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. அதில் தம்பி இன்னொரு படி ஏறினான். மெஷினைத் தன் கார்டில் வாங்கினான், கம்பெனி அந்த விலையையும் சேர்த்துக் கூலியாகக் கொடுத்துவிட்டது. ஆக, பில் நிஜம்! அவளும் நீட்டினாள். "நானே வாங்கினது."

என் மகளுக்கு அப்போது கைக்குழந்தை. வீடியோவைப் பார்த்துவிட்டு மேலே போய், நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறாள்.

"அத்தை, இது விளம்பரமா?"

"சேச்சே, உன்கிட்ட பொய் சொல்வேனா?"

என் மகள் வாங்கினாள். மெஷின் பாலை மேலே கொதிக்க வைத்தது, அடியில் ஜில்லென்று விட்டது. மணல் மூட்டையால் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு அது இல்லை. அதனால்தானே இவளைத் தேர்ந்தெடுத்தார்கள்!

குட்டு உடைந்தது வேறு விதத்தில். 'தூக்கமில்லாத அம்மாவுக்கு மூன்றாவது கை' என்று கம்பெனி எழுதிக் கொடுத்த வசனத்தை இவள் அப்படியே ஒப்பித்திருந்தாள். அதே வசனத்தை வேறு இரண்டு பேஜ்களும் ஒப்பித்திருந்தன. அவர்கள் ஒழுங்காக லேபிள் போட்டிருந்தார்கள். எவளோ ஒருத்தி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். முதல் நாள் லேபிள் இல்லாத படமும், மறுநாள் லேபிள் முளைத்த படமும் கூடவே வந்தன. நேரமாகிப் போட்ட லேபிள் அவளைக் காப்பாற்றவில்லை, காட்டிக்கொடுத்தது.

ஆயிரக்கணக்கில் புகார் போயிற்று. அவள் பேஜ் இருக்கிற தளம் அந்த வீடியோவைத் தூக்கியது, பழைய வீடியோக்களில் இன்னும் சிலவற்றையும் தூக்கியது. கொஞ்ச காலத்துக்கு விளம்பரப் பதிவே போடக் கூடாது என்றது, புதியவர்களுக்கு அவள் பேஜைக் காட்டுவதையும் நிறுத்தியது. கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினான். லேபிள் போடுவது உங்கள் பொறுப்பு என்று அதில் இருந்ததாம். என் தம்பி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான்.

மன்னிப்பு வீடியோ போட்டாள், அழுதாள். "இந்த அழுகைக்கு யார் ஸ்பான்சர்?" என்று கீழே எழுதினார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, என்ன செய்ய?

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. கறாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்தத் தடை தீர்ந்த பிறகு கறார் உண்மையிலேயே திருந்தினாள். ஓசியில் வந்த துடைக்கிற துணிக்குக்கூட முதல் நொடியிலேயே சொன்னாள், லேபிளும் போட்டாள். பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆனாலும் மேலே 'தொம்' சத்தம் நிற்கவில்லை. குழந்தையை உட்காரவைத்துச் சோறூட்டும் உயர நாற்காலி ஒன்றைத் தன் காசில் வாங்கிச் சோதித்தாள். மூட்டையை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால், முன் தட்டின் கொக்கி தானாகவே விட்டுக்கொண்டது. திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப விட்டது.

அதே நாற்காலி என் மகள் வீட்டில் இருந்தது.

வீடியோ போட்டாள். "எதிர் கம்பெனி எவ்வளவு கொடுத்தான்?" என்றார்கள். 'இது விளம்பரம் அல்ல' என்று எழுதினாள். "அன்னைக்கும் இதையேதான் சொன்னே" என்று பதில் வந்தது. என் மகளுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. கொக்கி நிக்காது. பிள்ளை விழுந்துடும்."

நான் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தேன். சொன்னேன்.

"அம்மா, அத்தை இன்னொரு நாற்காலி விக்கப் பார்க்குறாங்க. உனக்குப் புரியலையா?" என்றாள் என் மகள். கறார் என் எதிரிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பேரன் தலைகுப்புற விழுந்தான். தாடை கிழிந்து தையல் போட்டார்கள், முன்பல் ஒன்று போயிற்று. ஆஸ்பத்திரிக்கு நானும் தம்பியும் கறாரும் ஓடினோம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. என் மகள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கறார் கட்டிலருகே போய், கட்டின் மேல் படாமல் பிள்ளையின் தலையைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. அது நிஜக் கண்ணீர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"ஒரே ஒரு வீடியோம்மா," என்றாள் என் மகளிடம், கெஞ்சும் குரலில். "இதைப் பார்த்தா நம்புவாங்க. வேற பிள்ளைங்க விழாது. விளம்பரம் இல்லைன்னு ஆரம்பத்துலயே போட்டுடறேன்."

என் மகள் எழுந்து, தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் போர்வையால் மறைத்தாள்.