மாவு காயும் நேரம்

அவளுக்கு மாவுக்கா என்று பெயர் விழுந்து வெகு காலமாகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யாரையோ தேடுவாள். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. உள்ளறையில் அவள் குடியிருந்தாள். முன்னறையில் பிழைப்பு நடத்தினாள். சாய்கிற நாற்காலி ஒன்று, கை கழுவும் தொட்டி ஒன்று, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. பெரிய பார்லர்களில் இருக்கும் பளபளப்பான டப்பாக்கள் எதுவும் அங்கே இல்லை. கடலை மாவு, மஞ்சள், தயிர், பாலாடை. அவ்வளவுதான் அவள் கடை.

மஞ்சளை மட்டும் கடைத் தூளாக வாங்க மாட்டாள். தூளில் என்ன சாயத்தைக் கலந்து தொலைத்திருக்கிறார்களோ என்ற பயம். விரலி மஞ்சளாக வாங்கி, உடைத்து, மிக்ஸியில் அரைத்து, துணியில் சலிப்பாள். அரைக்கிற நாளில் வீடே மஞ்சள் புகையாக இருக்கும். குழாய்ப்பிடி, ஸ்விட்ச், கதவின் கைப்பிடி, செல்போனின் முதுகு என்று அவள் கை பட்ட இடமெல்லாம் மஞ்சள். துண்டுகளை மட்டும் காப்பித்தூள் நிறத்தில் வாங்கித் தப்பித்துக்கொண்டாள்.

வருகிறவர்களிடம் பொய் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "இதப் போட்டா வெள்ளையாவேனாக்கா?" என்று கேட்டால், "ஆக மாட்டே. எண்ணெப் பிசுக்கு போகும், செத்த தோல் போகும், முகம் ரெண்டு நாள் பளிச்சுன்னு இருக்கும். அதுக்கு மேல யாராவது சொன்னா நம்பாத" என்பாள். எண்ணெய் வழிகிற முகத்துக்குத் தயிரில் குழைப்பாள். வறண்ட முகத்துக்குப் பாலாடையில். இரண்டு கரண்டி மாவுக்கு மஞ்சள் ஒரு சிட்டிகைதான். கூடப் போட்டால் நாலு பேர் முன்னால் மஞ்சள் முகத்தோடு நிற்க வேண்டியதுதான் என்று சிரிப்பாள். எலுமிச்சையைப் பிழியச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவாள். உடைந்த பரு இருந்தால் திருப்பி அனுப்புவாள். புது ஆளாக இருந்தால் முதல் நாள் முகத்தையே தொட மாட்டாள். முழங்கையின் உள்மடிப்பில் துளி தடவி, கழுவிவிட்டு, "ரெண்டு நாள் பாரு. அரிச்சாலோ தடிச்சாலோ இந்தப் பக்கமே வராத" என்று அனுப்பிவிடுவாள். பாதிப் பேர் அந்த இரண்டு நாளைப் பொறுக்க முடியாமல் வேறு பார்லருக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

மாவு பூசியபின் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பேசினால் வெடிக்கும், தோலை இழுக்கும். ஆகவே அந்தக் கால் மணி நேரம் நாற்காலியில் இருப்பவர்கள் கண்ணை மூடி, வாயை மூடி, சிலை மாதிரி கிடப்பார்கள். மாவுக்கா பேசுவது அப்போதுதான். நாளெல்லாம் சேர்த்து அவள் வாய் திறப்பது அந்தக் கால் மணிகளில்தான். காலையில் பால் திரிந்துபோனது, கீழ்க்கடை மிஷின் இரைச்சலில் தலை வலித்தது, கடல் தாண்டிப் போன தங்கச்சி போன வாரம் போன் பண்ணாதது. யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்ல முடியாது. அதனால்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. கழுவி எழுந்ததும் அவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள், கன்னத்தைத் தடவிப் பார்ப்பார்கள், "வரேன்க்கா" என்று படியிறங்குவார்கள். அவள் சொன்னதெல்லாம் மாவோடு சேர்ந்து தொட்டியில் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கல்யாணம் என்று ஒன்று நடந்தது. ஒட்டவில்லை. அவன் தன் வழியே போனான், இவள் தங்கச்சியோடு இந்த மாடிக்கு வந்தாள். தங்கச்சிதான் அவள் பூசிய முதல் முகம். அவளுக்கும் கல்யாணமாகிப் போனபின் உள்ளறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று புழக்கம் சுருங்கிவிட்டது.

அரிப்பு முதலில் விரல் இடுக்கில்தான் வந்தது. சோப்பு சேரவில்லை என்று நினைத்துச் சோப்பை மாற்றினாள். தேங்காயெண்ணெய் தடவினாள். மணிக்கட்டுக்கு ஏறியது. தோல் தடித்து, வெடித்து, ராத்திரியில் அரிப்பு உயிரை வாங்கியது. ஒரு நாள் காலையில் கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. காய்ச்சலில் படுத்துக் கடையைத் திறக்காத வாரத்தில் எல்லாம் தணிந்தது. மறுபடி திறந்ததும் மறுபடி வந்தது. அவளுக்குப் புரியாமலில்லை. புரிந்துகொள்ள மனசில்லை.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருத்தி மாதம் தவறாமல் வருவாள். அதிகம் பேசாதவள், முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு. அன்றைக்கு அவள் முகத்தில் மாவு முக்கால்வாசி காய்ந்திருந்தது. ஒரேயடியாகக் காயவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி நனைத்துக் கழுவ வேண்டும் என்று மாவுக்கா குனிந்தாள். டீச்சர் கண்ணைத் திறந்தாள். துணியைப் பிடித்த விரல்களைப் பார்த்தாள்.

"கையக் காட்டுங்க."

நெற்றியிலும் வாயோரத்திலும் மாவு விரிசல் விட்டது.

"பேசாதீங்க டீச்சர், வெடிக்குது பாருங்க."

"வெடிச்சா வெடிக்கட்டும். கையக் காட்டுங்கன்னு சொன்னேன்."

வகுப்பில் கேட்பது போலவே இருந்தது அந்தக் குரல். மாவுக்கா நீட்டினாள்.

"எங்களுக்கெல்லாம் ரெண்டு நாள் பாரு, ரெண்டு நாள் பாருன்னு சொல்றீங்க. உங்களுக்கு யாரு சொல்றது? நாளைக்கே தோல் டாக்டர்கிட்ட போறீங்க."

போனாள். தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கை ஓரளவு ஆறட்டும் என்று களிம்பு கொடுத்தாள். பிறகு ஒரு நாள் வரச்சொல்லி, மாவுக்கா கொண்டுவந்த மஞ்சள், கடலை மாவு, சோப்பு எல்லாவற்றிலும் துளித்துளியாக எடுத்துத் தயார் செய்து முதுகில் பட்டை பட்டையாக ஒட்டினாள்.

"ரெண்டு நாள் முதுகுல தண்ணி படக் கூடாது. வேர்க்கக் கூடாது. மஞ்சள் வச்ச இடம் மஞ்சளாத்தான் இருக்கும், அது கறை, அதுக்குப் பயப்படாதீங்க. சிவந்து தடிக்குதான்னுதான் நான் பாக்கப்போறேன். ஓரம் பிரிஞ்சா மேல பிளாஸ்டர் போட்டு அமுக்கிவிடச் சொல்லுங்க. வீட்டுல ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்றாள் மாவுக்கா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. முதுகில் ஏதோ தொங்குவது போல் உறுத்தியது. சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியை முன்னால் பிடித்துப் பார்த்தாள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு மூலை பிரிந்திருந்தது. மேலிருந்து கையை வளைத்தாள், கீழிருந்து வளைத்தாள். எட்டவில்லை. எத்தனை முகங்களைத் தொட்ட கை, தன் முதுகைத் தொட முடியாமல் அந்தரத்தில் நின்றது. கீழ்க்கடைப் பையனையா கூப்பிட முடியும்? வருகிற பெண்களின் நம்பர்கள் போனில் வரிசையாக இருந்தன. அழைத்தால் என்ன சொல்வது? கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் பிளாஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு மெதுவாக நடந்தாள். வாசலிலேயே டிவி சத்தம், குக்கர் சத்தம், இரண்டு பிள்ளைகள் சார்ஜருக்காக அடித்துக்கொள்ளும் சத்தம். இத்தனை நிறைந்த வீட்டுக்குள் முதுகைக் காட்டவா வந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. திரும்பியபோது கேட்டின் தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

"யாரு? மாவுக்காவா? உள்ள வாங்க!"

மாவுக்கா பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து, முதுகில் ஒரு மூலை பிரிந்துவிட்டது என்றாள். டீச்சர் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பிரிந்த மூலையை அமுக்கி, பிளாஸ்டரை ஒட்டி, ஓரங்களை விரலால் ஒருமுறை நீவிவிட்டாள். அந்த விரல் பட்டதும் மாவுக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொருத்தர் கை தன் மேல் பட்டு எத்தனை காலம்!

"உங்க தங்கச்சி இருந்திருந்தா இத அவங்க பாத்திருப்பாங்க, இல்ல?"

"தங்கச்சியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான சொன்னீங்க. அவங்க போன் பண்ணாத வாரம், திரிஞ்ச பாலு, எல்லாந்தான். முகத்துல மாவு பூசினா காதும் அடைச்சிடுமா என்ன?"

மாவுக்கா சிரித்தாள். சிரித்த கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வெளியே பிள்ளைகள் "அம்மா" என்று கதவைத் தட்டினார்கள். டீச்சர், "வரேண்டா" என்று எழுந்துவிட்டாள்.

பட்டைகளைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்து டாக்டர் உறுதியாகச் சொன்னாள். மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. மஞ்சள் வைத்த இடம் மட்டும் சிவந்து, தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்திருந்தது.

"இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணலையே டாக்டர்."

"திரும்பத் திரும்பப் பட்டுத்தான் சிலருக்கு இது வரும். முதல்ல சும்மா இருக்கும், திடீர்னு ஒருநாள் உடம்பு ஒத்துக்காது. வந்துட்டா போகாது. இனிமே மஞ்சள தொடாதீங்க, அரைக்காதீங்க. சமையலுக்கு ஸ்பூன்ல போடுங்க. சாப்பிட்டு அரிச்சா வந்து சொல்லுங்க."

மிச்சமிருந்த மஞ்சளைக் கீழ்க்கடைக்காரன் மனைவிக்குக் கொடுத்தனுப்பினாள். குழாய்ப்பிடியிலும் ஸ்விட்சிலும் இருந்த கறை லேசில் விடவில்லை. சோப்புப் போட்டால் ரத்தம் மாதிரி சிவந்து பயமுறுத்திவிட்டு, கழுவியதும் பழையபடி மஞ்சளாகும். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இளகும் என்பது அவளுக்குத் தெரியும். கையுறை மாட்டிக்கொண்டு, பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தலையணை உறைகளை அலசி மாடி வெயிலில் போட்டாள். வெயிலில் கறை நாளுக்கு நாள் வெளுத்தது.

இப்போது கடலை மாவும் தயிரும் பாலாடையும் மட்டும். "அழுக்க எடுக்கிறது மாவுதாம்மா, மஞ்சளில்லாமலும் முகம் சுத்தமாகும்" என்று வருகிறவர்களிடம் சொன்னாள். நம்பினவர்கள் கொஞ்சம். மஞ்சள் இல்லாமல் என்ன ஃபேஸ் பேக் என்று படியிறங்கினவர்கள் அதிகம். மத்தியானங்களில் நாற்காலி காலியாகவே கிடந்தது. கை ஆறி, விரல் இடுக்கில் புதுத்தோல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் வந்தபோது நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"ஏன்க்கா என்கிட்ட அப்பவே சொல்லல?"

"சொல்லி? அங்கேர்ந்து கைய நீட்டி ஒட்டியிருப்பியா?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்க்கா."

"வா" என்றாள். போன வருஷமும் தங்கச்சி அதே வார்த்தைதான் சொல்லியிருந்தாள்.

டீச்சர் மாதம் தவறாமல் வந்தாள். ஆனால் மாவு பூசியதும் மாவுக்காவுக்கு முன்போலப் பேச்சு வரவில்லை. எதிரே இருப்பவளுக்குக் காது இருக்கிறது என்று தெரிந்தபின் எந்த வார்த்தையும் கனமாக இருந்தது. ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். மூடிய கண்ணோடு டீச்சர் விரலால் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டுவாள். ம், சொல்லுங்க என்று அர்த்தம். அப்போது மெல்ல ஆரம்பிப்பாள். முகம் கழுவி எழுந்தபின் டீச்சர் பதில் சொல்வாள், இரண்டு மூன்று வாக்கியம்தான். கீழே கணவர் வண்டி ஹார்ன் அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

மாவுக்கா ஜன்னலில் நின்று வண்டி திரும்புவதைப் பார்ப்பாள். அப்புறம் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒருத்திக்கு மட்டும் அரிசி களைந்து வைப்பாள்.