பானையில் நின்ற நுரை

அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர். எதிரே பெஞ்சில் என் மனைவி, ஏழு மாதம் முடிந்த வயிற்றோடு. அவளை ஒட்டி மருத்துவச்சி அக்கா. கதவில் சாய்ந்தபடி, எங்களை வேலை வாங்கும் கங்காணி. நடுவில் நான். என் கையில் ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் கோப்பை ஒன்று, அதன் மேல் மூடியாக ஒரு வாழையிலைத் துண்டு.

விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது. அதனால்தான் கங்காணிக்கு என் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்க்க நேரம் கிடைத்தது.

"என்னடா, மழை நாள்ல கோப்பையத் தூக்கிக்கிட்டு வர்ற? டிரெசர் ஐயாவும் பால் நிறுக்க ஆரம்பிச்சிட்டாரா?"

"பால் இல்லண்ணே. இவளோட மூத்திரம்."

கங்காணி கதவை விட்டு நிமிர்ந்தார். "போன மாசம் உன்னோடது. இந்த மாசம் பொண்டாட்டியோடது. அடுத்த மாசம் என்னோடதக் கேப்ப போலிருக்கே."

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்குப் பயப்படும் குணம். நகம் கறுத்தாலும் பயம், வெளுத்தாலும் பயம். போன மாதம் ஒரு காலையில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சிமிண்டுக் கால்வாயில் ஒதுங்கியபோது நுரை பொங்கியதைப் பார்த்தேன். அன்று முழுக்கக் கத்தி மரத்தில் ஓடவில்லை. மத்தியானமே டிரெசர் முன்னால் போய் நின்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். "நேத்து எத்தனை தடவ தண்ணி குடிச்ச?"

"ஞாபகம் இல்லீங்க."

"வெயில்ல வேத்து, தண்ணி குடிக்காமப் படுத்தா மூத்திரம் கெட்டியாகும். கெட்டியானா நுரைக்கும். ராத்திரி பூரா அடக்கி வச்சு, நின்னுக்கிட்டு வேகமா விட்டாலும் நுரைக்கும், அருவி நுரைக்கிற மாதிரி. அந்தக் காவாயில லயத்துப் பொம்பளைங்க தொவைக்கிற சவுக்காரத் தண்ணி ஓடுது. அதுவும் நுரைக்கும். கொஞ்ச நேரத்துல அடங்குச்சா இல்லையா?"

"அடங்குச்சுங்க."

"அப்ப போயி வேலையப் பாரு."

"அடங்கலைன்னா?"

இதற்குத்தான் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தினமும் நுரை நின்னு, கூடவே காலோ மூஞ்சியோ வீங்கினா சும்மா இருக்கக் கூடாது. சக்கரை வியாதிக்காரனா இருந்தாலும் அப்படித்தான். புள்ளத்தாச்சின்னா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. நுரையப் பாத்து யாரும் வியாதி சொல்ல முடியாது. காய்ச்சிப் பாத்தாத்தான் தெரியும்."

நான் போகாமல் நின்றேன். என்னை அனுப்புவதற்காகவே அவர் காய்ச்சிக் காட்டினார். கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல் பாதியை மட்டும் ஸ்பிரிட்டு விளக்கில் காட்டினார். கீழ்ப்பாதி தெளிவாகவே நின்றது. மேல் பாதி பனி மூடியது போல மங்கியது. "வந்துருச்சுங்களே!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சின்னப் புட்டியிலிருந்து, ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற அதே புளிச்ச ஆசிட் நாலு சொட்டு விட்டார். பனி விலகியது போலக் குழாய் தெளிந்துவிட்டது.

"கரைஞ்சுதா? அது வெறும் உப்பு. கரையாம நின்னிருந்தாத்தான் வியாதி. ஓடு."

இந்தக் கதை அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் பரவிவிட்டது. 'நுரை' என்றே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்போது மனைவியின் விஷயம். பிள்ளைத்தாய்ச்சி வெளிச்சம் வரும் முன் வாசல் தாண்டக் கூடாது, மரத்தடியில் நிற்கும் காத்து கருப்பு பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் லயத்துக் கட்டு. அவளுக்காக வீட்டு மூலையில் ஒரு மண்பானை வைத்திருந்தோம். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும் முன் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. கொட்டப் போனபோதுதான் நுரையைப் பார்த்தேன். சோறு வடித்த கஞ்சியின் மேல் நிற்குமே, அந்த மாதிரிப் பொடிப்பொடியான வெள்ளை நுரை. பானையைத் தூக்கி, கால்வாய் வரை நடந்து, கொட்டும் வரை அது அடங்கவில்லை.

மறுநாளும் அப்படியே. லயம் மறுபடி சிரிக்குமே என்று இந்தத் தடவை நான் ஓடவில்லை. டிரெசர் சொன்னதை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். சவுக்காரமாக இருக்குமோ என்று பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெறும் தண்ணீரில் அலசினேன். தண்ணீர் போதவில்லையோ என்று சொம்பு சொம்பாகச் சீரகத் தண்ணீர் குடிக்க வைத்தேன். நின்றுகொண்டு விடுவது ஆம்பளை வழக்கம், அது இவளுக்குப் பொருந்தாது. எல்லாம் செய்தும் நுரை நின்றது. அந்த வாரமே அவள் கால் வீங்கி, மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று. காலையில் எழுந்தால் கண்ணிமை இரண்டும் உப்பியிருந்தன. மூன்று நாளாகத் தலைவலி வேறு.

மருத்துவச்சி அக்காவிடம் சொன்னேன்.

"வயித்துல பொட்டப்புள்ளைன்னா காலு வீங்கத்தான் செய்யும் தம்பி. நான் பாக்காத வயிறா? பெத்து முடிஞ்சா எல்லாம் வடிஞ்சிரும்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவாக்கா?"

"டிரெசர் சீட்டு இல்லாம தொரை விடுவாரா? ஈப்போவுக்கு நடந்தா போவ?"

எல்லாம் அந்தச் சீட்டில் வந்து நின்றது. டிரெசர் எழுதிக் கொடுத்தால்தான் துரை அனுமதிப்பார். துரை அனுமதித்தால்தான் ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு ஜெலாப்பாங் வழியாக ஈப்போவுக்குப் போகும் லோரியில் இடம். என் பயத்தை நம்பி டிரெசர் சீட்டு எழுத மாட்டார். குழாய் சொன்னால் எழுதுவார். மழை பிடித்த அந்தக் காலையில் கோப்பையோடு புறப்பட்டது அதனால்தான்.

இலையை எடுத்துவிட்டு டிரெசர் உள்ளே பார்த்தார். காய்ச்சுவதற்கு முன்பே அது வெளுப்பாக இருந்தது. ஆசிட்டை ஒரு சொட்டு விட்டார். நூல் நூலாகத் திரிந்து மேலே மிதந்தது.

"கோப்பையக் கழுவினியா?"

"கழுவினேங்க. ஒட்டியிருந்த பால் தோல உரிச்சிட்டு அலசினேன்."

பால் வெட்டுகிறவனுக்குத் தோல் உரித்த கோப்பை சுத்தமான கோப்பை. அடியில் ஒட்டியிருந்த நேற்றைய பால் என் கண்ணுக்கு அழுக்காகவே தெரியவில்லை.

கங்காணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விடாதீங்க ஐயா, இன்னும் ரெண்டு கோப்பை கொண்டாந்தா ஒண்ணாம் நம்பர் ஷீட்டே அடிச்சிரலாம். டேய் நுரை, வீட்டுக்குப் போலாம் வா. அந்தப் புள்ள மூத்திரத்துல மட்டும் வியாதி இருந்துச்சுன்னா நான் ரெண்டு வெள்ளிக் காசு தர்றேன். தோட்டமே சாட்சி."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "போதுங்க, போயிரலாம்," என்றாள் என்னிடம்.

"இன்னும் ஒரு தடவ, புள்ள," என்றேன். அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

டிரெசர் அவள் காலைப் பார்த்தார். எழுந்து வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். சேற்றில் விரல் பதிந்த மாதிரி குழி அப்படியே நின்றது. சிரிப்பு அறையை விட்டுப் போய்விட்டது. அலமாரியிலிருந்து கொதிநீரில் கழுவிய ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மருத்துவச்சி அக்காவிடம் கொடுத்தார்.

"பின்னால கூட்டிட்டுப் போங்க. நல்லாக் கழுவச் சொல்லுங்க. முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றதப் பிடிங்க. வெள்ளைப்பட்டது கலந்தாலும் குழாய் பொய் சொல்லும்."

புட்டி வந்தது. தெளிவாகத்தான் இருந்தது, மேலே மட்டும் நுரை. குழாயில் ஊற்றினார். விளக்கில் காட்டினார். மேல் பாதி மங்கியது. எனக்கு அது பழகிய காட்சி. ஆசிட்டுக்காகக் காத்திருந்தேன். ஒரு சொட்டு, இரண்டு, மூன்று, நாலு. கரையவில்லை. இன்னும் வெளுத்தது. பூப்பூவாகத் திரண்டு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"ஆசிட் ஊத்துன பால் மாதிரில்ல இருக்கு," என்றார் கங்காணி மெதுவாக.

"அதேதான்," என்றார் டிரெசர். "முட்டை வெள்ளைக்கருவச் சுட வச்சா வெளுத்து உறையுதுல்ல, அந்தச் சத்து ரத்தத்துலயும் இருக்கு. அது ரத்தத்துலயே நிக்கணும். கிட்னிங்கிற சல்லடை கெட்டுப் போனா ஒழுகி இதுல வந்துடும். அதான் நுரை நிக்குது, கால் வீங்குது." அவள் பக்கம் திரும்பினார். "கண்ணுக்கு முன்னால மின்னுதாம்மா?"

"நேத்திலேருந்து பூச்சி பறக்கிற மாதிரி இருக்குங்க."

"வலிப்பு வந்துச்சுன்னா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. இன்னைக்கே ஈப்போ போகணும்." பேனா சீட்டில் ஓடியது.

மருத்துவச்சி அக்கா தன் முக்காட்டுத் துணியை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். "நானும் கூட வாரேன் தம்பி. எனக்கு இந்தக் குழாய் தெரியாதுல்ல," என்றாள். கங்காணி சீட்டை வாங்கிக்கொண்டு மழையில் துரை பங்களாவுக்கு ஓடினார். அவ்வளவு பெரிய மனிதர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டோர் வாசலில் புறப்பட்டுக்கொண்டிருந்த லோரியைக் குறுக்கே நின்று மறித்தவரும் அவர்தான். டிரைவர் பக்கத்தில் மனைவியும் அக்காவும். பின்னால் புகை நாற்றமடிக்கும் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளுக்கு மேல் நான்.

ஈப்போவில் அவளை வெளிச்சம் குறைந்த அறையில் படுக்க வைத்தார்கள். பாலும் ஓய்வும் மருந்தும். தினமும் காலையில் குழாயைக் காய்ச்சிப் பார்த்தார்கள். வலிப்பு வரவில்லை. சில வாரம் கழித்து, நாள் நிறையும் முன்பே பிள்ளை பிறந்தது. பொட்டப்பிள்ளை இல்லை, ஆண். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். ஆனால் அவன் அழுதது வராந்தா கடைசி வரை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் வாழ்நாளில் முதல் தடவையாக, அடுத்து என்ன ஆகுமோ என்று நினைக்காமல் நின்றேன்.

அவள் வீடு வந்தபின் வீக்கம் மெல்ல வடிந்தது. வடிந்த பிறகும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று டிரெசர் சொல்லியிருந்தார். டிரெசர் கொடுத்தனுப்பிய அதே புட்டியை வெந்நீரில் கழுவி, அவளுடையதைப் பிடித்து, இலையும் மூடாமல், துணியும் சுற்றாமல், கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு லயத்தின் நடுவே நடந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பின்னால் வந்தார்கள். ஆஸ்பத்திரி சன்னலில் ஏழெட்டுத் தலை.

டிரெசர் காய்ச்சினார். ஆசிட் விட்டார். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். மேல் பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே மாதிரி இருந்தன. அதற்குள்ளே பார்த்தால் சன்னலில் நின்ற முகங்கள் தெரிந்தன.

"தண்ணி மாதிரி இருக்கு லா," என்றான் சன்னலில் ஒருவன்.

"நுரை ஜெயிச்சுட்டான்," என்றான் இன்னொருவன். அதற்குப் பிறகு அந்தப் பேர் என் காதுக்கு இனிப்பாகவே இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் காலில் வீக்கம் கண்டால் மருத்துவச்சி அக்காவே கையைப் பிடித்து டிரெசரிடம் கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

பையனுக்குப் பேர் வைத்த அன்று கங்காணி கோழி அடித்துக் கறி ஆக்கி வந்து பரிமாறினார். லோரியை மறித்த மனிதரிடம் நான் வேறு எதையும் கேட்பதாக இல்லை. ஆனால் தோட்டமே சாட்சி என்று சொன்னவர் அவர். கோழி வேறு, பந்தயம் வேறு. பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பேன், அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த சம்பளம் என்பார். அவர் எனக்குத் தர வேண்டியது இன்றைக்கும் இரண்டு வெள்ளி.