நாக்கை நீட்டும் பெட்டி

பெட்டி டிசைன் செய்கிறேன் என்று சொன்னால் தஞ்சாவூரில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் ஸ்வீட் பெட்டி என்று நினைத்து விலை கேட்கிறார்கள். மற்றவர்கள் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு?" என்கிறார்கள்.

கல்லூரியில் இன்ஜினீயரிங் டிராயிங் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்திட்டம் சுருங்க, சுருங்கிய பகுதியில் நானும் இருந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாடியறையில் என் மனைவி ஏற்கெனவே ஒரு தொழில் நடத்திக்கொண்டிருந்தாள். போர்செட் மோட்டாரை செல்போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு சர்க்யூட் போர்டு. வயலுக்கு நடுராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அவ்வளவுதான் அதன் தத்துவம். போர்டு அவளுடையது, அதற்குப் பெட்டி என்னுடையது என்று ஆயிற்று. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் இதுதான்.

போர்டின் வெளிக்கோட்டைக் கம்ப்யூட்டர் கோப்பாக அனுப்பினாள். நான்கு மூலையிலும் திருகு ஓட்டைகள், ஒரு விளிம்பில் வரிசையாகக் கனெக்டர்கள். நான் அந்தக் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினேன். ஓட்டைகளுக்கு நேர் கீழே நான்கு குட்டித் தூண்கள். போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் கால்கள் தரையில் இடிக்கக் கூடாது, அதனால் தூணுக்கு உயரம். கனெக்டர் எதிரே சுவரில் ஜன்னல். கனெக்டரை அளந்து ஜன்னல் வைத்தால் போதாது, அதில் செருகும் பிளக்கின் தலையையும் அளக்க வேண்டும் என்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது. பெருமையோடு 3டி பிரிண்டரில் அச்சடித்து எடுத்துப் போனேன்.

அவள் போர்டைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, "என்னங்க, இது எப்படி உள்ள போகும்?" என்றாள்.

கனெக்டர்களின் மூக்கு போர்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோ நாலு பக்கமும் மூடிய ஜன்னல். மேலிருந்து இறக்கினால் மூக்கு சுவரில் இடிக்கும். கட்டிலை உள்ளே வைத்து வீட்டைக் கட்டியிருந்தால்தான் சரிப்பட்டிருக்கும்.

"பாடம் நடத்தினவர்தானே நீங்க?"

"பாடத்துல மூக்கு கிடையாது."

ஜன்னலைப் பாதிப் பாதியாகப் பிரித்தேன். கீழ்ப்பாதி பெட்டியில், மேல்பாதி மூடியில். போர்டு சாதுவாக இறங்கி உட்கார்ந்தது.

அடுத்தது காற்று. சித்திரை வெயிலில் தகரக்கூரை போட்ட பம்ப் ஷெட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர்டும் தன் பங்குக்குச் சூடாகும். பக்கச்சுவரின் கீழே சில கீற்றுகள், மேலே சில கீற்றுகள்: குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடானது மேலே வெளியேறும். பல்லி நுழையாத அளவுக்குக் குறுகலாக. ஒவ்வொரு கீற்றுக்கும் மேல் சின்னத் தாழ்வாரம், சாரல் வழிந்து கீழே விழ. வொயரெல்லாம் அடியிலிருந்து நுழையும்படி கனெக்டர் பக்கம் கீழே. வொயர் பெட்டியைத் தாண்டி இறங்கி, வளைந்து, மேலேறி நுழைந்தால் அதில் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

முதல் பெட்டியைக் குடவாசலில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் பாயிடம் கொடுத்தோம். அவர் தன் கடை எலக்ட்ரீஷியனிடம் அதை ஒரு வாடிக்கையாளரின் ஷெட்டில் மாட்டச் சொன்னார். முதல் நல்ல மழைக்குப் பிறகு போன் வந்தது.

"சார், உங்க பெட்டி தண்ணி குடிச்சிருச்சு."

போய்ப் பார்த்தோம். பெட்டி தலைகீழாகத் தொங்கியது. கூரையிலிருந்து இறங்கும் வொயர் கனெக்டர் வரை எட்டவில்லையாம். அதனால் எலக்ட்ரீஷியன் கனெக்டரை வொயரிடம் கொண்டுபோயிருந்தார். மழை வொயர் வழியே நேராக உள்ளே இறங்கியிருந்தது. என் தாழ்வாரங்கள் ஒவ்வொன்றும் கவிழ்ந்து கிண்ணமாகி, தண்ணீரைச் சேகரித்து உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தன. 'இந்தப் பக்கம் மேலே' என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர் கீழே, தலைகீழாக, என்னைப் பார்த்தது.

"படிக்கலையா நீங்க?" என்றேன் எலக்ட்ரீஷியனிடம்.

"படிச்சேன் சார். அது பெட்டிக்கு. வொயருக்கு ஒண்ணும் எழுதலையே."

பாய் சமாதானமாகப் பேசினார். "தங்கச்சி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே அச்சுல ரெடிமேட் பெட்டி விக்கிறான். ஓட்டை கிடையாது, ஒண்ணும் கிடையாது. வொயர் மேல. உங்க போர்டை அதுல போட்டுக் குடுங்க, கடையில வைக்கிறேன். இந்தப் பெட்டி வேணாம்."

கடைக்குக் கூட்டிப்போய் அந்த ரெடிமேட் பெட்டியைக் காட்டினார். நான் அளந்தேன். போர்டு உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு மூலையை அறுக்க வேண்டும். அந்த மூலையில்தான் அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒழுங்குபடுத்திய பவர் சப்ளை இருந்தது. அதை வேறிடம் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. மூடிய பெட்டியில் அது வேகவும் செய்யும்.

என் மனைவி போர்டைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி, "பெட்டிக்காகப் போர்டை அறுக்கறதா? காலுக்குச் செருப்பு எடுப்பாங்களா, செருப்புக்குக் காலை வெட்டுவாங்களா பாய்?" என்றாள்.

"அப்ப வொயரையாவது மேல வைங்களேன்."

"கரண்டு வர்ற இடத்துல மழைத் தண்ணியை விட மாட்டேன். யார் சொன்னாலும் மாட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். புருஷன்மார்களிடம் மேல்முறையீடு செய்யும் பார்வை. நான் மழையைப் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பினோம். கும்பகோணம் தாண்டிய பிறகு, "வேற பெட்டிக்குள்ள போனா, அது என் போர்டு இல்லைங்க" என்றாள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பெட்டியின் பெயரால் நானும் அவமானப்பட்டிருக்கிறேன் என்பது தாமதமாக உறைத்தது. எனக்கு எல்லாம் தாமதம்தான்.

ஸ்டிக்கரைப் பெரிதாக்கலாம். சிவப்பில் அடிக்கலாம். முகவுரை எழுதலாம். படித்தும் மதிக்காதவர்களிடம் பேசி எனக்கு நீண்ட அனுபவம் உண்டு, அதற்குச் சம்பளமே வாங்கியிருக்கிறேன். இந்த முறை எழுதப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

பெட்டியின் முகத்தில் பட்டன்களும் சிம் கார்டும் இருந்த இடத்தை மூட ஒரு கதவு வைத்தேன். கீல் அதன் மேல்விளிம்பில். கொக்கி, காந்தம், திருகு எதுவும் இல்லை. பெட்டி நேராகத் தொங்கினால் கதவு தன் எடையிலேயே தொங்கி மூடிக்கொள்ளும். தலைகீழாக மாட்டினால் விழுந்து, நாக்கைப் போல வெளியே நீட்டிக்கொள்ளும். கரண்டு முனைகளுக்குத் தனி மூடி, அதற்கு ஒழுங்காகத் திருகு.

மனைவி பெட்டியைக் கவிழ்த்தாள். நாக்கு விழுந்தது. நிமிர்த்தினாள். மூடிக்கொண்டது. மறுபடி கவிழ்த்தாள். அன்றைக்குச் சமையல் தாமதமாயிற்று.

பாயிடம் பெட்டியை வைத்து, "பழைய போர்டு, புதுக் கதவு. வொயர் கீழதான். வேணாம்னா சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போறோம்" என்றாள். பாய் வாங்கி வைத்துக்கொண்டார், எங்களிடமிருந்து தப்பிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மழைக்கு முன்பே போன்.

"சார், இதென்ன பெட்டி? வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது. நம்ம எலக்ட்ரீஷியன் டேப் போட்டு ஒட்டிட்டான். இப்ப பட்டன் அமுக்கணும்னா ஒவ்வொரு தடவையும் டேப்பைப் பிய்க்கணும்னு ஷெட்டுக்காரரு அவன்கிட்ட சத்தம் போடுறாரு."

"எலக்ட்ரீஷியன் என்ன சொல்றாரு?"

"வொயர் எட்டலையாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, சால்டரிங் அயர்னை வைக்காமலேயே சொன்னாள்: "பாய், வொயரை நீட்டுங்க. இல்லேன்னா பெட்டி நாக்கை நீட்டும்."

 அந்தப் பக்கம் பாய் போனை வாயிலிருந்து விலக்கி யாரிடமோ கத்துவது கேட்டது: "டேய், வொயர் எத்தனை மீட்டர் வேணும்னு கேளு!"