அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா

கேமராவைத் தம்பி பெங்களூரிலிருந்து ஆன்லைனில் போட்டு அனுப்பியிருந்தான். செஞ்சியில் குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை. வாசலுக்குத்தான் வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அத வாசல்ல மாட்டாத. அம்மா கட்டிலுக்கு எதிர்ல வை."

எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின வாரம் அம்மா அவனிடம் போனில், "நைனா, ரெண்டு நாளா எனக்கு சோறே போடலடா" என்று அழுதிருந்தாள். பக்கவாதம் வந்து அவள் படுக்கையில் விழுந்து நான்கு வருடம். ஞாபகமும் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் பசிக்கிறது என்பாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். எல்லாம் தெரிந்த தம்பிதான் இதை அனுப்பியிருந்தான்.

"என்ன வேவு பாக்கவா?" என்றேன்.

"இன்னாக்கா நீ, ஒரு சேஃப்டிக்குத்தான்."

மறுநாள் அலமாரி மேல் வைத்து பிளக்கைச் செருகினேன். சிவப்பு விளக்கு மின்னியது. போனில் ஆப்பைத் திறந்து, வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைப் போட்டேன். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கியூஆர் கோடு வந்தது. அதைக் கேமராவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். பீப் என்றது. அவ்வளவுதான். ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கேமரா கிடைக்கவில்லை என்றது. கேமராவை மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அடியில் இருந்த சின்னத் துளையில் ஊக்கைக் குத்தி ரீசெட் செய்தேன். நான்கு தடவையும் அதே பதில்.

தம்பி வீடியோ காலில் வந்தான். "பாஸ்வேர்ட தப்பா போடுற."

ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

"அப்ப ஏன் வரல? அது வேல செய்யறது உனக்குப் புடிக்கல. அதான் விஷயம்."

நான் போனைத் துண்டித்துவிட்டேன். அம்மாவின் படுக்கையை மாற்றும் நேரமாகியிருந்தது. போய் மாற்றினேன்.

பிறகு எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் செய்தேன்.

"உங்க மோடத்துல ரெண்டு வைஃபை பேர் வருங்கக்கா. ஒண்ணு சும்மா இருக்கும், இன்னொண்ணுக்குக் கடைசில 5ஜின்னு இருக்கும். போன் எதுல இருக்குது?"

பார்த்தேன். "5ஜில."

"அதான். இந்த மாதிரி கேமராங்க அந்த சும்மா இருக்குற பேர, 2.4 கிகாஹெர்ட்ஸ மட்டுந்தான் எடுக்கும். பொட்டிலயே போட்டிருப்பான் பாருங்க. போன இன்னொரு பேருக்கு மாத்திக்கினு, ரீசெட் பண்ணிட்டு மறுபடி போடுங்க. ரெண்டு நிமிஷ வேல."

பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் அப்படியேதான் இருந்தது. வாங்கியவன் அதைப் படிக்கவில்லை. கம்ப்யூட்டரிலேயே வேலை செய்கிறவன்.

இரண்டு நாள் நான் அதைச் செய்யவில்லை. அவன் கேட்டபோதெல்லாம், "இன்னும் கெடைக்கலடா" என்றேன். அந்தப் பொய் எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் அவன், "ஞாயித்துக்கிழம நானே வந்து மாட்டுறேன்" என்றான். பொங்கலுக்குப் பிறகு அம்மாவைப் பார்க்க ஒரு நாள்கூட வராதவன், கேமரா மாட்ட வருகிறானாம். போனை வைத்த கையோடு 5ஜி இல்லாத பேருக்கு மாறினேன். ஊக்கைக் குத்தினேன். கியூஆர் கோடைக் காட்டினேன். சிவப்பு விளக்கு நீலமாகி நின்றது. திரையில் அம்மாவின் கட்டில் தெரிந்தது. அவனும் பார்க்கும்படி அவன் நம்பரை ஆப்பில் சேர்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழம நீ வர வேணாம்" என்று மெசேஜ் போட்டேன்.

அன்று மதியம் அம்மாவுக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கேமராவிலிருந்து அவன் குரல் வந்தது.

"அம்மா, சாப்டியா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்று கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். வாயில் சோறு இருந்தது.

"இல்ல நைனா. காலையிலேர்ந்து ஒண்ணுமே குடுக்கல."

தட்டும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன்.

"அக்கா, வாயெல்லாம் ஒழுகுது பாரு. தொடச்சி வுடு" என்றான்.

துடைத்துவிட்டேன்.

ஒரு மாதம் போல அவன் பேசினான். அப்புறம் குரல் வருவது நின்றது. கேட்டதற்கு, "அம்மா கொஞ்சம் அசைஞ்சாலே அலெர்ட் வருதுக்கா, ஒரே டென்ஷன். ஆஃப் பண்ணிட்டேன்" என்றான். அம்மா மட்டும் கதவைப் பார்த்து அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் சோறு போடவில்லை என்றுதான் பெரும்பாலும்.